19.6-ஆ, 19.3-ஆ? ஒரு தரம்பார்த்தல் வீடியோவை இரண்டாம் முறை எடுத்த கதை

பிளஸ் டூ மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக, ஆக்ஸாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் சோதனையை எங்கள் பள்ளி ஆய்வகத்தில் செல்போனில் படம் எடுத்தோம். ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்தாயிற்று. திங்கட்கிழமை வகுப்பில் போட்டுக் காட்டினேன். வீடியோ முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மிஸ், நீங்க பத்தொன்பது புள்ளி ஆறுன்னு சொல்றீங்க. ஆனா படத்துல பத்தொன்பது புள்ளி மூணுதான தெரியுது?"

திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஆய்வகத்தில் நான் கண்ணால் பார்த்து எழுதிய அளவு 19.6 மி.லி. அதே பியூரெட், அதே நொடி, ஆனால் திரையில் தெரிந்தது 19.3. ஒரு அளவீட்டைச் சரியாக எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க எடுத்த வீடியோ, தவறான அளவீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த 0.3 எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், வீடியோவில் இருந்த மற்ற பிழைகளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைசியில் முழுவதையும் மறுபடி எடுத்தோம்.

முதலில் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். பிப்பெட்டால் 20 மி.லி ஆக்ஸாலிக் அமிலக் கரைசலை அளந்து கூம்புக்குடுவையில் விடவேண்டும். அதோடு ஏறத்தாழ ஒரு சோதனைக்குழாய் அளவு நீர்த்த சல்பியூரிக் அமிலம். குடுவையை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சேர்க்கவேண்டும். விழும் ஊதா நிறம் மறைந்துகொண்டே வரும். அமிலம் தீர்ந்த பிறகு விழும் ஒரு துளி மறையாமல், குடுவை முழுவதையும் வெளிர் இளஞ்சிவப்பாக்கும். அதுதான் முடிவு நிலை. தனியாக நிறங்காட்டி எதுவும் தேவையில்லை, பெர்மாங்கனேட்டே அந்த வேலையைச் செய்துவிடும். சமன்பாடு இது:

```
2KMnO4 + 3H2SO4 + 5H2C2O4 → K2SO4 + 2MnSO4 + 8H2O + 10CO2
```

பெர்மாங்கனேட்டின் திறனை அதற்கு முந்தைய தரம்பார்த்தலில் 0.1 N என்று கண்டிருந்தோம். வீடியோவில் வருவது இரண்டாவது தரம்பார்த்தல்.

கேமரா எங்கிருந்து பார்த்தது

பியூரெட்டில் அளவு எடுக்கும்போது கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்கவேண்டும் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறோம். இடமாறு தோற்றப் பிழை என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் போனை ஸ்டாண்டில் மாட்டியபோது, அதுவும் ஒரு கண்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. பியூரெட்டின் மேற்பாதி முழுவதும் படத்தில் வரவேண்டும் என்று நினைத்து, 12 மி.லி கோட்டுக்கு நேராகப் போனை வைத்து, ஆரம்ப அளவையும் இறுதி அளவையும் அதே உயரத்திலிருந்தே எடுத்தேன்.

50 மி.லி பியூரெட்டில் ஒரு மில்லிலிட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம். அதனால் 19.6-இல் திரவம் நின்றபோது கேமரா அதற்கு 7 அல்லது 8 சென்டிமீட்டர் மேலே இருந்து, சாய்வாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. தூரம் 30 சென்டிமீட்டர்தான்.

இங்கே பெர்மாங்கனேட்டுக்கே உரிய ஒரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. நிறமற்ற கரைசலாக இருந்தால் வளைவின் அடிப்பகுதியைப் பார்த்து அளவு எடுப்போம். பெர்மாங்கனேட்டில் அந்த அடிப்பகுதி தெரியாது, அவ்வளவு அடர்த்தியான நிறம். ஆகவே மேல் விளிம்பைத்தான் எடுக்கவேண்டும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கோ ஒரு விளிம்புக்குப் பதிலாக இரண்டு தெரியும்: குழாயின் முன்பக்கத்தில் கண்ணாடியைத் தொடும் விளிம்பு ஒன்று, பின்பக்கத்தில் தொடும் விளிம்பு இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன முட்டை வடிவம் மாதிரி இருக்கும். பார்ப்பவர்களின் கண் அதில் உயரமாகத் தெரியும் பின்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். குழாயின் உள்விட்டம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நாங்கள் வைத்திருந்த சாய்வில் பின்விளிம்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மேலே ஏறித் தெரியும். பியூரெட்டில் பூச்சியம் மேலே இருப்பதால், மேலே ஏறினால் எண் குறையும். 19.6 என்பது 19.3 ஆனது இப்படித்தான்.

ஆரம்ப அளவில் இந்தப் பிழை வரவில்லை. பூச்சியக் கோடு கேமராவுக்கு மேலே இருந்ததால், கீழிருந்து பார்க்கும்போது முன்விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. பின்விளிம்பை ஊதா நிறமே மறைத்துவிட்டது. இரண்டு அளவிலும் ஒரே பிழை இருந்திருந்தால் கழிக்கும்போது போயிருக்கும். ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாததால் அது அப்படியே விடையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுபடி எடுத்தபோது செய்த மாற்றம் எளிமையானது. இன்னொரு இரும்பு ஸ்டாண்டில், பியூரெட்டைப் பிடிக்கும் அதே மாதிரி கிளாம்பில் போனை மாட்டினோம். கிளாம்பின் தாடைகளில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றியிருந்ததால் போன் நழுவவில்லை, திரையிலும் கீறல் விழவில்லை. ஒவ்வொரு அளவீட்டுக்கும் கிளாம்பைத் தளர்த்தி, கம்பியில் மேலே கீழே நகர்த்தி, திரவ மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்தோம். நேராக இருக்கிறதா என்று பார்க்க அளவுகோலே வேண்டாம். திரையில் திரவத்தின் மேல்பரப்பு முட்டை வடிவமாகத் தெரிந்தால் போன் உயரத்தில் இருக்கிறது. மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தால் அந்த வடிவம் ஒடுங்கி ஒரு கோடாக மாறும். கோடான இடத்தில் திருகை இறுக்கிவிடலாம். அதற்கும் கீழே போனால் மறுபடி ஏமாறுவோம், ஏனென்றால் கீழேயிருந்து பார்த்தாலும் கோடாகத்தான் தெரியும். அதனால் எப்போதும் மேலிருந்து கீழே இறக்கி, கோடாகும் முதல் இடத்திலேயே நிறுத்தவேண்டும்.

தூரத்தையும் கூட்டினோம். 30 சென்டிமீட்டரில் சாதாரண லென்ஸில் எடுத்ததை, 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்து 2x பெரிதாக்கி எடுத்தோம். படத்தில் பியூரெட் அதே அளவில்தான் தெரியும். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் பிழை பாதியாகிவிடும். அண்மைக் காட்சி என்றாலே போனைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவேண்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிக் கருவிகளுக்கு அது நேர் எதிரானது. பக்கத்தில் போனால் சாய்வு கூடுகிறது, போனின் நிழலே பியூரெட்டின் மேல் விழுகிறது, சில போன்கள் 10 சென்டிமீட்டருக்குள் தெளிவாகக் குவிவதும் இல்லை.

பியூரெட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதற்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் வரும்படி மேசையைத் திருப்பினோம். முதல் வீடியோவில் கறுப்பு மை மாதிரித் தெரிந்த கரைசல், இப்போது மேல் விளிம்பில் ஊதாவாகத் தெரிந்தது. கோடுகளும் எண்களும் தாளின் வெண்மையில் தெளிவாக நின்றன.

சூடு ஆறும் சோதனை

முதல் படப்பிடிப்பில் ஒரே தரம்பார்த்தலை எல்லாக் கோணத்திலிருந்தும் எடுக்கப் பார்த்தோம். 12 மி.லி போனதும் திருகை மூடி, போனைக் கழற்றி, குடுவைப் பக்கம் மாட்டி, வெளிச்சம் சரிசெய்து மறுபடி ஆரம்பித்தோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். திரும்ப ஆரம்பித்தபோது துளிகள் உடனே மறையவில்லை. ஒவ்வொன்றும் இளஞ்சிவப்பாகக் கொஞ்ச நேரம் நின்றது. படம் பிடித்த மாணவன் "முடிஞ்சிருச்சு மிஸ்" என்றான். முடியவில்லை, குடுவை ஆறிப்போயிருந்தது. ஆறிய கரைசலில் இந்த வினை மெதுவாக நடக்கும், முடிவு நிலை வந்துவிட்ட மாதிரி ஒரு தோற்றம் வரும். அவசரப்பட்டு வேகமாகச் சேர்த்தால் பழுப்பாகக் கலங்கவும் செய்யும். அது மாங்கனீசு டை ஆக்சைடு. அமிலம் குறைவாக இருந்தாலும் அதே பழுப்பு வரும். பழுப்பைப் பார்த்துவிட்டால் அந்தக் குடுவையின் கதை முடிந்தது, கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும்.

ஆக, படமெடுப்பதற்காக நிறுத்துவதே இந்தச் சோதனையைக் கெடுக்கிறது. இதற்கு விடை சோதனைக்குள்ளேயே இருந்தது. எப்படியும் ஒத்த அளவீடு கிடைக்கும் வரை திரும்பத் திரும்பத் தரம்பார்க்கத்தானே போகிறோம்? முதல் தரம்பார்த்தலைத் தூரத்திலிருந்து மேசை முழுவதும் தெரிய எடுத்தோம். இரண்டாவதில் போன் குடுவையை மட்டும் பார்த்தது. மூன்றாவதில் பியூரெட்டின் அளவுகளை மட்டும். எதையும் நடுவில் நிறுத்தவில்லை. மூன்றிலும் பியூரெட்டைப் பூச்சியம் வரை நிரப்பியே ஆரம்பித்ததால் காட்சிகளை அடுத்தடுத்து வைக்கும்போது பொருந்தின. கிடைத்த அளவுகள் 19.7, 19.6, 19.6. எந்தக் காட்சி எத்தனையாவது தரம்பார்த்தல் என்று திரையின் மூலையில் எழுதிவிட்டோம். வெவ்வேறு குடுவைகளை ஒரே குடுவை மாதிரி காட்டினால், உன்னிப்பாகப் பார்க்கிற ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு வீடியோவில் எதையும் அவள் நம்பமாட்டாள்.

சூடாக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். கொதிக்கவிடக் கூடாது, ஆக்ஸாலிக் அமிலமே சிதைய ஆரம்பித்துவிடும். வெப்பமானியைக் குடுவைக்குள் விட்டுக் காட்டும் காட்சி ஒன்று போதும். அதற்கு அடுத்த குடுவைகளில், ஆவி எழ ஆரம்பித்ததும் இறக்கினோம். அந்த ஆவிதான் முதல் வீடியோவில் லென்ஸில் படிந்து, குடுவைக் காட்சி முழுவதையும் பனிமூட்டமாக்கியிருந்தது. இப்போது போன் குடுவைக்கு மேலே இல்லை. பக்கவாட்டில், அதன் வயிற்றுக்கு நேராக, இரண்டடி தள்ளி இருந்தது.

படமெடுப்பதால் வரும் ஆபத்து

சோதனையின் ஆபத்துகள் எங்களுக்குத் தெரியும். ஆக்ஸாலிக் அமிலம் விஷம். சல்பியூரிக் அமிலம் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். சூடான குடுவை கையைச் சுடும். கேமரா வந்ததும் புதிதாகச் சேரும் ஆபத்துகளைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை.

முதல் நாள் போன் வைத்திருந்த மாணவன் நிறமாற்றத்தை நெருக்கமாக எடுக்கக் குனிந்தான். கண் திரையில் இருந்தது, முழங்கை பியூரெட் ஸ்டாண்டில் பட்டது. பியூரெட் ஆடி, அதன் நுனி குடுவைக்கு வெளியே போய், திறந்திருந்த திருகிலிருந்து பெர்மாங்கனேட் அவன் சட்டைக் கையில் கொட்டியது. கண்ணாடி போட்டிருந்தான், தோலில் பட்டதை உடனே கழுவினோம், கறையோடு போயிற்று. அந்த இடத்தில் பர்னர் எரிந்துகொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் முறை மூன்று பேருக்கு மூன்று வேலை. சோதனை செய்பவர் சோதனை மட்டும் செய்வார், பேசமாட்டார், கேமராவைப் பார்க்கமாட்டார். போன் ஸ்டாண்டில் இருக்கும். படமெடுப்பவர் பதிவைத் தொடங்கிவிட்டு இரண்டடி பின்னால் போய்விடுவார், யார் கையிலும் போன் இருக்காது. மூன்றாவது ஆள் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன். அவர் திரையைப் பார்க்கவே மாட்டார், மேசையை மட்டும் பார்ப்பார். அவர் "நிறுத்து" என்றால் காட்சி எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்தவேண்டும் என்று முன்பே பேசிக்கொண்டோம். ஒருமுறை சொன்னார், போனின் சார்ஜர் வயர் முக்காலிக்குப் பக்கத்தில் நழுவி வந்திருந்தது. அதன் பிறகு முழுவதும் சார்ஜ் ஏற்றிய போனை வயர் இல்லாமலே வைத்தோம். பர்னரில் சூடாக்குவதையும் வேறு மேசைக்கு மாற்றிவிட்டதால், தரம்பார்க்கும் மேசையில் நெருப்பே இல்லை.

இன்னொரு விதமான பாதுகாப்பும் உண்டு. திரையில் தெரிவதை மாணவர்கள் அப்படியே செய்வார்கள். என் தலைமுறையில் பலர் பிப்பெட்டை வாயால் உறிஞ்சித்தான் பழகினோம், கை இன்னும் வாய்க்குத்தான் போகிறது. வீடியோவில் ஒரு நொடிகூட அது வரக்கூடாது. ரப்பர் பல்பைப் பொருத்துவது, அழுத்தியபின் வைப்பது, கோட்டுக்கு மேலே ஏறவிட்டு மெதுவாக இறக்குவது என்று அதற்கே ஒன்றரை நிமிடம் ஒதுக்கினோம். மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான்.

பியூரெட்டை நிரப்பும் காட்சியும் அப்படி. மேசை மேல் ஸ்டாண்டு நிற்கும்போது பியூரெட்டின் வாய் பல பிள்ளைகளுக்குத் தலைக்கு மேலே இருக்கிறது. அண்ணாந்து பார்த்தபடி புனலில் ஊற்றினால், வழிவது நேரே முகத்துக்கு வரும். ஸ்டாண்டைத் தரையிலிருந்த ஒரு தாழ்ந்த ஸ்டூலுக்கு இறக்கி, பியூரெட்டின் வாய் கண்ணுக்குக் கீழே இருக்கும்படி வைத்து ஊற்றுவதை எடுத்தோம். நிரப்பியதும் புனலை எடுப்பதையும் தெளிவாகக் காட்டினோம். புனலில் தங்கிய ஒரு துளி பிறகு விழுந்தால் அளவே மாறிவிடும்.

அடர் சல்பியூரிக் அமிலப் பாட்டிலை எந்தக் காட்சியிலும் வைக்கவில்லை. நீர்த்த அமிலத்தை முந்தைய நாளே, தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நான் தயாரித்து வைத்துவிட்டேன். "இது ஆசிரியர் தயாரித்துத் தருவது" என்று ஒரு வரி சொன்னோம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஏன் எடுக்கக்கூடாது என்பதையும் அங்கேயே சேர்த்தோம். பெர்மாங்கனேட் அதிலிருந்து குளோரின் வாயுவை வெளியேற்றும். விடையும் கெடும், மூச்சுக்கும் கேடு.

வெளிர் இளஞ்சிவப்பு

முதல் வீடியோவில் முடிவு நிலையே தெரியவில்லை என்று நிறையப் பேர் சொன்னார்கள். ஆய்வகத்தில் அது தெளிவாகத்தான் இருந்தது. போன் அதை அழித்துவிட்டது. குடுவைக்கு அடியில் வெள்ளை டைல் வைத்திருந்தோம். இவ்வளவு வெளிச்சமா என்று நினைத்துப் போன் படத்தை இருட்டாக்கியது, டைல் சாம்பல் நிறமானது. குடுவை சிவக்க ஆரம்பித்ததும், வெளிச்சம்தான் சிவப்பாகிவிட்டது என்று கருதி வெள்ளைச் சமநிலையைத் தானாகவே மாற்றி, அந்தச் சிவப்பைக் கழித்துவிட்டது. மனிதக் கண்ணுக்காக நல்லது செய்வதாக நினைத்துப் போன் செய்யும் இந்த வேலை, நிறமாற்றம் காட்டும் எந்தச் சோதனையிலும் எதிரிதான்.

ஆகவே பதிவுக்கு முன்பே, நிறமற்ற கரைசலோடு குடுவையை டைல் மேல் வைத்து, திரையில் அதை அழுத்திப் பிடித்து `AE/AF LOCK` வரவைத்தோம். இது வெளிச்சத்தையும் குவியத்தையும் நிறுத்தும். வெள்ளைச் சமநிலைக்கு `Pro` முறைக்குப் போய் `WB`-ஐத் தானியங்கியிலிருந்து எடுத்து, டைல் வெள்ளையாகத் தெரியும் எண்ணில் நிறுத்தினோம். பிறகு அந்தக் காட்சி முடியும் வரை ஜன்னலையோ விளக்கையோ யாரும் தொடவில்லை.

இதைவிடப் பெரிய உதவி செய்தது இன்னொரு குடுவை. அதே அளவு தண்ணீர் ஊற்றிய கூம்புக்குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே காட்சியில் வரும்படி எடுத்தோம். தனியாகப் பார்த்தால் நிறமே இல்லை என்று தோன்றும் வெளிர் இளஞ்சிவப்பு, தண்ணீருக்குப் பக்கத்தில் சட்டென்று தெரிகிறது. முடிவு நிலையைத் தாண்டி ஒரு மில்லிலிட்டர் கூடுதலாகச் சேர்த்த மூன்றாவது குடுவையையும் கடைசியில் வைத்துக் காட்டினோம். மாணவர்களில் பாதிப் பேர் "நல்லா ரோஸ் கலர் வரணும்" என்று நினைத்து அந்த மூன்றாவது நிறத்தில்தான் நிறுத்துகிறார்கள்.

காட்சியை அழகாக்க, நீர்த்த பெர்மாங்கனேட்டைத் தனியாகக் கலந்து முடிவு நிலை என்று காட்டலாமே என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாணவர்களுக்கு வரப்போவது இந்த மங்கலான, சந்தேகமான நிறம்தான். அதையே அவர்கள் பார்த்துப் பழகவேண்டும்.

வெட்டாமல் வைத்தது இரண்டு இடங்களை. ஒன்று, ஆரம்பத்தில் விழும் முதல் துளிகள். சூடான குடுவையிலும் முதல் துளியின் நிறம் உடனே மறையாது. பல பிள்ளைகள் அதைப் பார்த்து, ஒரு துளியிலேயே முடிந்துவிட்டது என்று பயந்துபோகிறார்கள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அடுத்தடுத்த வினைக்கு ஊக்கியாக இருப்பதால், கொஞ்சம் சேர்ந்த பிறகு நிறம் உடனுக்குடன் மறையும். அந்த மாற்றத்தை முழுசாகக் காட்டினால்தான் நம்புவார்கள். இரண்டாவது, முடிவு நிலைக்குப் பிறகான 30 நொடி. நிறம் அவ்வளவு நேரம் நிற்கவேண்டும். திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓட, வேறொன்றும் நடக்காத அந்த 30 நொடியையும் அப்படியே விட்டோம்.

பேச்சு

முதல் முறை சோதனை செய்துகொண்டே நான் பேசினேன். "இதோ பாருங்க, நிறம் மாறிடுச்சு" என்று ஒலிக்கும்போது நிறம் மாறி மூன்று நொடி ஆகியிருந்தது. கையில் வேலை இருப்பவருக்குக் கண்டபின்தான் வாய் வரும். பார்ப்பவர்களோ அதுவரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் முறை படத்தை எடுத்து முடித்தபின், அதைப் பார்த்துக்கொண்டே குரலைத் தனியாகப் பதிவு செய்தேன். ஆய்வகத்து மின்விசிறிச் சத்தம் இல்லாமல், வீட்டில் துணிகள் தொங்கும் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, போனை வாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசினேன். ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் ஒரே முறைதான். எங்கே பார்க்கவேண்டும் என்பதை நிகழ்வுக்கு முன்னால் சொல்லிவிடுவது, நிகழும்போது பேசாமல் இருப்பது, பிறகு காரணத்தைச் சொல்வது. முடிவு நிலைக்கு எழுதியது இப்படி இருந்தது:

"இப்போது குடுவையின் நடுவைப் பாருங்கள். துளி விழும் இடத்தில் நிறம் பரவி, மறைய நேரமாகிறது. இனி ஒவ்வொரு துளியாக."

அதன் பிறகு 14 நொடி குரல் இல்லை. துளிகள் விழுகின்றன, குடுவை சுழல்கிறது, நிறம் நிற்கிறது. அப்புறம், "இடது பக்கம் தண்ணீர். வலது பக்கம் நம் குடுவை. இந்த வேறுபாடு 30 நொடி நின்றால் போதும்."

அளவு எடுக்கும் இடத்தில் எண்ணை முதலில் சொல்லவில்லை. பியூரெட் காட்சி வந்ததும், "மேல் விளிம்பைப் பார்த்து நீங்கள் எழுதுங்கள்" என்று சொல்லி ஐந்து நொடி விட்டு, பிறகுதான் "பத்தொன்பது புள்ளி ஆறு". முதல் வீடியோவில் எண் முன்னால் வந்ததால் பெரும்பாலானவர்கள் பியூரெட்டைப் பார்க்கவே இல்லை. எழுந்து கேட்ட அந்த மாணவி மட்டும்தான் பார்த்திருந்தாள்.

கைகளைக் காட்டும் கோணத்தைப் பற்றி ஒன்று. இடது கையால் திருகைச் சுற்றிப் பிடித்து, வலது கையால் குடுவையைச் சுழற்றவேண்டும். எதிரிலிருந்து எடுத்தால் பார்ப்பவருக்கு இடது வலதாகிவிடும். சோதனை செய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தோம், அவர் கை இருக்கும் பக்கத்திலேயே பார்ப்பவரின் கையும் இருக்கும்.

சரியாக வந்ததா என்று பார்த்த விதம்

சோதனையை இன்னும் செய்திராத ஆறு மாணவர்களை அழைத்து, குரலை அணைத்துவிட்டு வீடியோவைப் போட்டோம். இரண்டு கேள்விகள் மட்டும்: இறுதி அளவு என்ன, முடிவு நிலை எந்த நொடியில் வந்தது? நான்கு பேர் 19.6 என்று எழுதினார்கள், ஒருவர் 19.5, ஒருவர் 19.7. பியூரெட்டின் மிகச் சிறிய பிரிவே 0.1 மி.லி என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன். முடிவு நிலையில் ஐந்து பேர் சரியான துளியைச் சொன்னார்கள். ஆறாவது மாணவன் ஆரம்பத்தில் மறையத் தாமதித்த முதல் துளியைச் சொன்னான். குரல் இருந்திருந்தால் அவனுக்கும் விளங்கியிருக்கும். இருந்தாலும் அந்தக் காட்சியின் மேல் "மறைகிறதா, காத்திருங்கள்" என்று எழுத்தாகவும் போட்டோம்.

அந்த 0.3 மி.லி எவ்வளவு பெரிது என்று வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 19.6 × 0.1 ÷ 20 என்றால் ஆக்ஸாலிக் அமிலத்தின் திறன் 0.098 N. படிக ஆக்ஸாலிக் அமிலத்தின் சமான நிறை 63, ஆக லிட்டருக்கு 6.17 கிராம். அதையே 19.3 என்று எடுத்தால் 0.0965 N, லிட்டருக்கு 6.08 கிராம். கேமராவை எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் வைத்ததால் லிட்டருக்கு 0.09 கிராம் அமிலம் காணாமல் போயிருக்கிறது.

வீடியோவால் காட்ட முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. திருகை எவ்வளவு திருப்பினால் ஒரு துளி மட்டும் விழும் என்பது விரலுக்குத்தான் தெரியும், படம் பார்த்து வராது. அதனால் இப்போது செய்முறை வகுப்பின் முதல் நாளில் பியூரெட்டில் வெறும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன். பத்துத் துளிகளை ஒவ்வொன்றாக, கேட்டபோது கேட்டபடி விழவைத்த பிறகுதான் பெர்மாங்கனேட்.